விடுப்பு விண்ணப்பம் எழுதும் முறை

இப்பாடத்தின் நோக்கம்: பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் தமிழில் விடுப்பு விண்ணப்பம் எழுதும்போது எந்த உறுப்பு எந்த இடத்தில் வரவேண்டும், ஏன் அவ்விடத்தில் வரவேண்டும் என்பதை அறிதல், அவ்வறிவைக் கொண்டு பிழையின்றி ஒரு விண்ணப்பம் எழுதுதல்.

1. விடுமுறையும் விடுப்பும்

மாணவர்களே, முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்து கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை, குடியரசு நாள், கோடைக்காலம் ஆகியவற்றில் பள்ளி எல்லார்க்கும் மூடியிருக்கும். அதனை விடுமுறை என்கிறோம். விடுமுறையை நாம் கேட்டுப் பெறுவதில்லை. பள்ளி இயங்கும் நாளில் ஒருவர் மட்டும் தமக்குரிய காரணத்தால் வராமல் இருக்க இசைவு பெறுவது விடுப்பு. விடுப்பைக் கேட்டுத்தான் பெறவேண்டும். ஆகவே நாம் எழுதுவது விடுமுறைக் கடிதம் அன்று, விடுப்பு விண்ணப்பம்.

இந்த விண்ணப்பம் சென்று சேரும் இடம் வருகைப் பதிவேடு. வகுப்பாசிரியர் அதனைப் பார்த்துத்தான் நீங்கள் வராத நாள்களை விடுப்பு என்று குறிப்பார். விண்ணப்பம் இல்லையென்றால், அல்லது அதில் நாள்கள் தவறாக இருந்தால், அந்நாள்கள் காரணமின்றி வராத நாள்களாகவே பதிவாகிவிடும். எனவே படிப்பவர் மூன்று வினாக்களுக்கு உடனே விடை காணும்படி விண்ணப்பம் அமையவேண்டும். கேட்பவர் யார்? எந்த நாள் முதல் எந்த நாள் வரை? என்ன காரணம்? கீழே காணப்போகும் உறுப்புகள் அனைத்தும் இம்மூன்று வினாக்களுக்கு விடை தருவதற்காகவே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

2. தமிழ் விண்ணப்பத்தின் வரிசை

நீங்கள் பள்ளியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விண்ணப்பம் எழுதப் பழகியிருப்பீர்கள். இந்தி விண்ணப்பம் 'சேவா மேம்' என்று பெறுபவரை முன்வைத்துத் தொடங்கும்; எழுதுபவரின் பெயர் இறுதியில்தான் வரும். ஆங்கில முறையில் எழுதுபவரின் முகவரியை அடுத்து நாள் வரும்; அதன் பின்னரே பெறுபவரின் முகவரி வரும். தமிழ் முறை இவ்விரண்டிலிருந்தும் சற்று வேறுபட்டது. எழுதுபவர் முதலிலும் பெறுபவர் அடுத்தும் வருவர். இடமும் நாளும் மடலின் அடியில் இடப்பக்கம் வரும். பிற மொழிப் பழக்கத்தால் நாளை மேலே எழுதிவிடுவது இங்குப் பலரும் செய்யும் பிழை.

தமிழ் விண்ணப்பத்தின் உறுப்புகள் வருமாறு: அனுப்புநர், பெறுநர், விளி, பொருள், செய்தி, நன்றி, முடிப்பு, கையொப்பம், இடமும் நாளும். சான்று எதனையும் சேர்த்து அனுப்பினால் இணைப்பு என்னும் உறுப்பு இறுதியில் வரும். அஞ்சலில் அனுப்பினால் உறைமேல் பெறுநரின் முழு முகவரியை எழுதவேண்டும். நேரில் கொடுப்பதாயின் உறை தேவையில்லை.

3. அனுப்புநர், பெறுநர்

இடப்பக்கம் மேலே 'அனுப்புநர்' என்று எழுதி, அதன்கீழ்ச் சற்று உள்தள்ளி உங்கள் பெயர், வகுப்பு, பிரிவு, வரிசை எண், பள்ளியின் பெயர், ஊர் ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக எழுதுக. ஒவ்வொரு வரியின் முடிவிலும் காற்புள்ளியும் கடைசி வரியில் முற்றுப்புள்ளியும் இடுக. பள்ளிக்கு எழுதும்போது வீட்டு முகவரியைவிட வகுப்பும் வரிசை எண்ணுமே பயன்படும். பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடுவோர் அவற்றைக் கொண்டுதான் தேடுவர்.

'பெறுநர்' என்பதன்கீழ் ஒருவரின் பெயரை எழுதாமல் அவரது பதவியை எழுதுவதே வழக்கம். விடுப்பு வழங்கும் உரிமை பதவிக்கு உரியது. அப்பதவியில் இருப்பவர் மாறினாலும் விண்ணப்பம் செல்லும். கேந்திரிய வித்தியாலயாவில் அப்பதவி 'முதல்வர்'. தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் உறவினர் எழுதினால் 'தலைமை ஆசிரியர்' என்று எழுதுவார். பதவிப் பெயருடன் 'அவர்கள்' என்று சேர்த்து 'முதல்வர் அவர்கள்' என எழுதுதல் மரியாதை. ஒரு நாள் விடுப்பாயின் பல பள்ளிகளில் வகுப்பாசிரியரே வழங்குவார். அப்போது 'வகுப்பாசிரியர் அவர்கள்' என்று எழுதினால் போதும்.

எழுத்துப்பிழை பெரிதும் நேரும் இடமும் இதுவே. 'அனுப்புனர்', 'பெறுனர்' என்று எழுதுவது தவறு. அனுப்பு, பெறு என்னும் வினைகளோடு 'நர்' என்னும் விகுதி சேர்ந்து அனுப்புநர், பெறுநர் என்றாகின்றன. ஓட்டு என்பது ஓட்டுநர் என்றும், இயக்கு என்பது இயக்குநர் என்றும் ஆவதும் இவ்வாறே. ஆனால் 'உறுப்பினர்' என்பதில் உறுப்பு என்னும் பெயர்ச்சொல்லோடு 'இனர்' சேர்ந்துள்ளது. ஆகவே அங்கு 'ன' வருகிறது. முன்னால் நிற்பது வினையா, பெயரா என்று பார்த்தால் எந்த எழுத்து வரும் என்பது தெரிந்துவிடும்.

4. விளியும் பொருளும்

பெறுநர் பகுதிக்குக் கீழே, இடப்பக்கத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா,' என்றோ 'மதிப்பிற்குரிய அம்மா,' என்றோ எழுதுக. இது விளி. விளித்தபின் காற்புள்ளி வரும். முதல்வர் ஆணா பெண்ணா என்பது தெரியாத இடத்தில் 'ஐயா / அம்மையீர்,' என இரண்டையும் எழுதும் வழக்கம் உண்டு. 'அன்புள்ள' என்னும் அடைமொழி உறவினர்க்கும் நண்பர்க்கும் உரியது, விண்ணப்பத்தில் வாராது.

அடுத்து 'பொருள்:' என்று எழுதி, மடலின் செய்தியை ஒரே வரியில் சுருக்கித் தருக. பொருள் வரி முழு வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. காரணம், கேட்பது, முடிப்புச் சொல் என்னும் மூன்றையும் சிறு கோடுகளால் பிரித்து எழுதுவது அலுவலக மரபு. 'உடல்நலக் குறைவு – இரண்டு நாள் விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக' என்பது போல அமையும். 'தொடர்பாக' என்னுமிடத்தில் 'சார்பு' என்று எழுதுவோரும் உளர். மேசைமீது பல மடல்கள் இருக்கும்போது, அலுவலர் இவ்வொரு வரியைப் படித்தே மடலை வகைப்படுத்துவார். 'விடுப்பு தொடர்பாக' என்று மட்டும் எழுதினால் எத்தனை நாள், எதற்கு என்பதை அறிய அவர் மடல் முழுவதையும் படிக்க நேரும்.

5. செய்தி: நாள்களைக் கணக்கிடுதல்

மடலின் உடற்பகுதி 'வணக்கம்' என்று தொடங்கும். முதலில் காரணத்தையும், பின்னர் வேண்டுகோளையும் எழுதுக. காரணம் ஓரிரு வாக்கியங்களில் முடிய வேண்டும். இப்பகுதியில் மிகுந்த கவனத்துடன் எழுத வேண்டியவை நாள்கள். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு காண்போம். இப்பாடத்தில் வரும் மாணவி, குடும்பம், அலுவலர் ஆகியோர் எடுத்துக்காட்டுக்காகவே அமைக்கப்பட்டவர்கள்.

நாக்பூரில் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள் கயல்விழி. அவளுடைய தாய்மாமனின் திருமணம் 27.11.2025, வியாழக்கிழமை திருநெல்வேலியில் நடைபெற உள்ளது. குடும்பத்தினர் 25.11.2025, செவ்வாய்க்கிழமை காலையில் தொடர்வண்டியில் புறப்படுகின்றனர். 30.11.2025, ஞாயிற்றுக்கிழமை இரவு நாக்பூர் திரும்புகின்றனர். இடையில் 28ஆம் நாள் அவளுக்கு அறிவியல் வகுப்புத் தேர்வும் இருக்கிறது. அவளது பள்ளியில் அவ்வாரச் சனிக்கிழமை வேலைநாள்.

கயல்விழி முதலில் எழுதிய வரைவில் இவ்வாறு இருந்தது: "எங்கள் மாமாவுக்குக் கல்யாணம். அம்மா ஒரு மாதமாக ஆசையாகக் காத்திருக்கிறார். நாங்கள் ஊருக்குப் போக வேண்டும். அதனால் 25 முதல் 30 வரை லீவு கொடுங்கள்."

இவ்வரைவில் நான்கு குறைகள் உள்ளன. முதலாவது, 25 முதல் 30 வரை என்பதில் மாதமும் ஆண்டும் இல்லை. இரண்டாவது, 30ஆம் நாள் ஞாயிறு; பள்ளியே இல்லாத நாளுக்கு விடுப்புக் கேட்கப்பட்டுள்ளது. மூன்றாவது, 'மாமா' என்னும் சொல் தமிழில் தாயின் உடன்பிறந்தவரையும், அத்தையின் கணவரையும், இன்னும் பலரையும் குறிக்கும். 'தாய்மாமன்' என்று எழுதினால் உறவின் நெருக்கம் படிப்பவருக்கு விளங்கும். நான்காவது, தாயின் ஆவல் உறவினர்க்கு எழுதும் மடலில் இடம்பெறத் தக்கது; முதல்வர் முடிவெடுக்க அது உதவாது. தேர்வைப் பற்றிய செய்தியோ, முதல்வர் அறிய வேண்டியதாயிருந்தும், எழுதப்படவில்லை.

இனி நாள்களை எண்ணுவோம். ஞாயிற்றை நீக்கினால் விடுப்பு 25 முதல் 29 வரை. 29இலிருந்து 25ஐக் கழித்து நான்கு நாள் என்று எழுதுவது பொதுவான பிழை. தொடக்க நாளும் முடிவு நாளும் இரண்டுமே விடுப்பு நாள்கள் என்பதால், கழித்து வரும் எண்ணோடு ஒன்றைக் கூட்டவேண்டும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று விரல்விட்டு எண்ணினாலும் ஐந்து வரும். நாள்களையும் அவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுக. ஒன்றில் பிழை நேர்ந்தாலும் மற்றொன்றைக் கொண்டு அதனைக் கண்டுபிடிக்கலாம். எழுதியபின் நாள்காட்டியைப் பார்த்துக் கிழமை பொருந்துகிறதா என்றும் சரிபார்க்க.

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வது? சனி முதல் திங்கள் வரை ஊரில் இல்லையென்றால், '… முதல் … முடிய' என்று முழுக்காலத்தையும் எழுதி, 'இடையில் வரும் ஞாயிறு நீங்கலாக இரண்டு நாள்கள்' என்று தெளிவுபடுத்துக.

6. கேட்கும் முறை

'லீவு கொடுங்கள்' என்பது பேச்சில் மரியாதையான தொடரே. விண்ணப்பத்திலோ ஏவலாக எழுதாமல், 'மாறு' என்னும் ஈற்றைச் சேர்த்து வேண்டுகோளாக எழுதுவது மரபு. 'விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்', 'இசைவு அளிக்குமாறு வேண்டுகிறேன்' என்பன அத்தகைய தொடர்கள். பெறுநரைக் குறிக்க 'நீங்கள்', 'உங்கள்' என்பவற்றுக்கு மாற்றாகத் 'தாங்கள்', 'தங்கள்' என்று எழுதுக. பணிவைக் காட்ட ஒருமுறை 'பணிவுடன்' என்பது போதும். வாக்கியத்திற்கு ஒருமுறை பணிந்து எழுதினால் செய்தி மறைந்துவிடும்.

7. முடிப்பும் கையொப்பமும்

செய்தி முடிந்தபின் 'நன்றி.' என்று தனி வரியில் எழுதுக. அதன்கீழ் வலப்பக்கம் 'இப்படிக்கு,' என்றும், அடுத்த வரியில் 'தங்கள் உண்மையுள்ள,' என்றும் எழுதிக் கையொப்பமிடுக. 'இப்படிக்கு' என்றால் 'மேலே சொன்ன இவ்வாறு எழுதுபவர்' என்பது கருத்து. அதனால் இச்சொல்லுக்குப் பிறகு எழுதியவரின் பெயரைத் தவிர வேறு செய்தி எதுவும் வாராது. மறந்துபோன செய்தி நினைவுக்கு வந்தால் கீழே ஒட்டவைக்காமல் மடலைத் திருத்தி எழுதுக.

கையொப்பம் புரியாத வடிவில் இருக்கக்கூடும்; ஆகவே அதன்கீழ் அடைப்புக்குறிக்குள் பெயரைத் தெளிவாக எழுதுக. மாணவரின் விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பமும் வேண்டும். மாணவர் வராமைக்கான காரணம் வீட்டாருக்குத் தெரியும் என்பதற்குப் பள்ளி எதிர்பார்க்கும் உறுதி அது.

8. திருத்திய விண்ணப்பம்

அனுப்புநர்
  மு. கயல்விழி,
  எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு,
  வரிசை எண் 17,
  கேந்திரிய வித்தியாலயா,
  நாக்பூர்.

பெறுநர்
  முதல்வர் அவர்கள்,
  கேந்திரிய வித்தியாலயா,
  நாக்பூர்.

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: தாய்மாமன் திருமணம் – ஐந்து நாள் விடுப்பும், வகுப்புத் தேர்வை மாற்று நாளில் எழுத இசைவும் வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். என் தாய்மாமனின் திருமணம் 27.11.2025, வியாழக்கிழமை அன்று திருநெல்வேலியில் நடைபெற உள்ளது. அதில் கலந்துகொள்ள 25.11.2025 அன்று காலை பெற்றோருடன் புறப்பட்டு, 30.11.2025, ஞாயிற்றுக்கிழமை இரவு நாக்பூர் திரும்புகிறேன்.

ஆகவே 25.11.2025 முதல் 29.11.2025 முடிய ஐந்து நாள்கள் எனக்கு விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 01.12.2025, திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிடுவேன்.

மேலும் 28.11.2025 அன்று நடைபெறும் அறிவியல் வகுப்புத் தேர்வை, நான் திரும்பியபின் தாங்கள் குறிக்கும் நாளில் எழுத இசைவு அளிக்குமாறு வேண்டுகிறேன்.

நன்றி.

                    இப்படிக்கு,
                    தங்கள் உண்மையுள்ள,
                    (கையொப்பம்)
                    (மு. கயல்விழி)

இடம்: நாக்பூர்
நாள்: 20.11.2025

இணைப்பு: திருமண அழைப்பிதழின் படி.
பெற்றோர் கையொப்பம்: …………

இவ்விண்ணப்பத்தில் இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. இரண்டும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை ஆதலால் ஒரே மடலில் இடம்பெறலாம். ஆனால் தனித்தனிப் பத்தியில் நிற்கின்றன, பொருள் வரியிலும் இரண்டும் சொல்லப்பட்டுள்ளன. பேருந்துக் கட்டணம், நூலகப் புத்தகம் போன்ற தொடர்பில்லாத செய்தியாயின் வேறு மடல் எழுதவேண்டும். மடலின் நாள் புறப்படும் நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக இருப்பதையும் காண்க. தேர்வுக்கு மாற்று நாள் குறிக்க ஆசிரியருக்கு அதனால் காலம் கிடைக்கிறது.

9. சென்று வந்தபின் எழுதும் விண்ணப்பம்

திடீரென்று காய்ச்சல் வந்தால் முன்கூட்டியே எழுத இயலாது. பள்ளிக்குத் திரும்பும் நாளில் விண்ணப்பத்தைக் கொடுப்போம். அப்போது உறுப்புகளின் வரிசை மாறாது. வாக்கியத்தின் காலம் மாறும். முடிந்துபோன நாள்களுக்கு 'விடுப்பு வழங்குமாறு' என்று எழுதுவதைவிட, 'விடுப்பாக ஏற்றுக்கொள்ளுமாறு' என்று எழுதுவதே பொருந்தும்.

"கடும் காய்ச்சல் காரணமாக 20.01.2026, 21.01.2026 ஆகிய இரண்டு நாள்கள் என்னால் பள்ளிக்கு வர இயலவில்லை. மருத்துவரின் சான்றை இத்துடன் இணைத்துள்ளேன். அவ்விரு நாள்களையும் மருத்துவ விடுப்பாக ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இம்மடலின் அடியில் திரும்பி வந்த நாளான 22.01.2026 என்பதையே எழுதவேண்டும். முன்னரே கொடுத்ததுபோல் தோன்ற 19ஆம் நாளைக் குறிப்பது பொய். 'இயலவில்லை' என்னும் இறந்தகால வாக்கியமும் அந்நாளும் ஒன்றோடொன்று முரண்படுவதால் படிப்பவரும் அதனைக் கண்டுகொள்வார்.

10. அலுவலக விண்ணப்பம்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் விடுப்பு விண்ணப்பம் தமிழிலேயே எழுதப்படுகிறது. உறுப்புகளின் வரிசை மேலே கண்டதுதான். கூடுதலாக மூன்று செய்திகள் அதில் வரும்.

முதலாவது, விடுப்பின் வகை. எதிர்பாராத சிறு வேலைகளுக்கு எடுப்பது தற்செயல் விடுப்பு. தமிழ்நாடு அரசு ஊழியர் ஓர் ஆண்டில் 12 நாள் தற்செயல் விடுப்பு எடுக்கலாம். பணிபுரிந்த காலத்திற்கு ஏற்பக் கணக்கில் சேர்வது ஈட்டிய விடுப்பு. வகையைக் குறிக்காவிட்டால் எந்தக் கணக்கில் கழிப்பது என்பது தெரியாது. மேலும், தற்செயல் விடுப்பின் இடையில் வரும் ஞாயிறு கணக்கில் சேராது. ஈட்டிய விடுப்பின் இடையில் வந்தால் சேரும். எனவே வகை மாறினால் நாள்களின் எண்ணிக்கையும் மாறும்.

இரண்டாவது, தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதி. ஊழியர் பணிபுரியும் ஊர் அவரது தலைமையிடம். விடுப்பில் இருந்தாலும் வேறு ஊருக்குச் செல்வதாயின் அதற்குத் தனியே அனுமதி கேட்கவேண்டும். மூன்றாவது, விடுப்புக்கால முகவரி. அவசரத் தேவை ஏற்பட்டால் தொடர்பு கொள்வதற்கு அது உதவும்.

தென்காசியில் வட்டாட்சியர் அலுவலகத்தில் பணிபுரியும் ஓர் இளநிலை உதவியாளர், சென்னையில் நடைபெறும் தம் மகளின் பட்டமளிப்பு விழாவுக்குச் செல்ல விரும்புகிறார் என்று கொள்வோம். அவர் எழுதும் பொருளும் செய்தியும் இவ்வாறு அமையும்:

பொருள்: தற்செயல் விடுப்பு – இரண்டு நாள்கள் – தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதி – வேண்டுதல் – தொடர்பாக.

"சென்னையில் நடைபெறும் என் மகளின் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொள்ள வேண்டியிருப்பதால், 05.02.2026, 06.02.2026 ஆகிய இரண்டு நாள்கள் எனக்குத் தற்செயல் விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மேலும் 04.02.2026 அலுவலக நேரத்திற்குப் பின்னர்ப் புறப்பட்டு, 07.02.2026, 08.02.2026 ஆகிய விடுமுறை நாள்களையும் சேர்த்து, 08.02.2026 இரவு திரும்பும் வரை தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதி வழங்குமாறும் வேண்டுகிறேன்."

விடுப்பு இரண்டு நாள்களே. ஊரில் இல்லாத காலமோ அதனினும் நீண்டது. விடுமுறை நாள்களான சனியும் ஞாயிறும் விடுப்பில் சேரவில்லை; ஆனால் தலைமையிட அனுமதியில் சேர்ந்துள்ளன. பாடத்தின் தொடக்கத்தில் விடுமுறையையும் விடுப்பையும் பிரித்தோம் அல்லவா? அவ்வேறுபாடு இங்கு ஒரே வாக்கியத்தில் பயன்பட்டிருப்பதைக் காண்க.

பயிற்சி

அ. சரியான சொல்லைத் தெரிவு செய்து எழுதுக.
1. மடலைப் பெறுபவர் (பெறுனர் / பெறுநர்).
2. காய்ச்சலால் இரண்டு நாள் (விடுமுறை / விடுப்பு) வேண்டினான்.
3. (தங்கள் / உங்கள்) உண்மையுள்ள.

ஆ. கணக்கிட்டு எழுதுக.
ஒரு மாணவர் 20.02.2026, வெள்ளிக்கிழமை முதல் 24.02.2026, செவ்வாய்க்கிழமை முடிய ஊரில் இல்லை. அவரது பள்ளியில் அச்சனிக்கிழமை வேலைநாள். மொத்தம் எத்தனை நாள்கள்? அவற்றுள் விடுப்பு நாள்கள் எத்தனை? விடையை ஒரே வாக்கியமாக, விண்ணப்பத்தில் எழுதுவது போல எழுதுக.

இ. கீழ்வரும் பகுதியிலுள்ள குறைகளைக் கண்டறிந்து, முழு விண்ணப்பமாகத் திருத்தி எழுதுக.
"அன்புள்ள சார், நான் நேற்றும் முந்தாநாளும் வரவில்லை. பாட்டிக்கு உடம்பு சரியில்லை. ஊருக்குப் போனோம். எனக்கு விடுமுறை கொடுங்கள். இப்படிக்கு, உங்கள் மாணவன். மருத்துவமனைச் சீட்டு வைத்திருக்கிறேன்."
(குறிப்பு: நாள்கள், பாட்டி இருக்கும் ஊர், பாட்டி தாயைப் பெற்றவரா தந்தையைப் பெற்றவரா என்பவற்றை நீங்களே அமைத்துக்கொள்க. இம்மடல் சென்று வந்தபின் எழுதப்படுவது என்பதை மறவாதீர். இறுதி வாக்கியம் எந்த உறுப்பில் வரவேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க.)

ஈ. உங்கள் குடும்பம் அடுத்து ஊருக்குச் செல்லவிருக்கும் பயணத்தை எண்ணிக்கொள்க. புறப்படும் நாள், திரும்பும் நாள், இடையில் வரும் ஞாயிறு ஆகியவற்றை நாள்காட்டியில் குறித்தபின், உங்கள் பள்ளி முதல்வருக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பெற்றோரிடம் காட்டிக் கையொப்பம் பெற்று வருக.